வெள்ளைப் பின்னணியில் பொருள் படம், கீழே மென்மையான நிழல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையக் கடையில் பொருள் விற்பவர்கள் படம் எடுக்கத் தொடங்கியதும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களுக்கெல்லாம் ஒரே பொருளை எடுத்துக்கொள்கிறேன்: பழுப்பு நிறத் தோல் ஷூ. பக்கவாட்டில் பார்த்தால் அதன் குதிகால் தரையில் பதிந்திருக்கும், நடுப்பகுதி தூக்கியிருக்கும், முன்பாதம் மறுபடி தரையைத் தொடும், மூக்கு லேசாக மேலே எழும். நிழலின் குணம் எல்லாவற்றையும் இந்த ஒரு பொருளிலேயே பார்த்துவிடலாம். மென்பொருளுக்கு, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பை வைத்துச் சொல்கிறேன். இதே கருவிகள் வேறு பெயரில் மற்ற மென்பொருள்களிலும் இருக்கும்.

1. வெள்ளைத் தாள் மேல வெச்சுத்தான் எடுத்தேன். படத்துல மட்டும் ஏன் அழுக்குச் சாம்பலா தெரியுது?

கேமராவின் ஒளி அளவி, தன் முன்னால் இருப்பது மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். படம் முழுக்க வெள்ளைத் தாள் இருந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துக் குறைத்துவிடும். அதனால்தான் தாள் சாம்பலாகிறது, ஷூவும் கூடவே இருண்டுவிடுகிறது.

எக்ஸ்போஷர் ஈடுகட்டலை +1 அளவுக்கு ஏற்றிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். கைபேசியில் ஷூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் சூரியக் குறியை மேலே நகர்த்தினால் இதே வேலை நடக்கும்.

2. இதுக்குன்னு ஃப்ளாஷ், லைட்டெல்லாம் வாங்கணுமா?

வேண்டாம், ஒரு பெரிய ஜன்னல் போதும். நேரடி வெயில் விழாத ஜன்னலாக இருக்க வேண்டும். வெயில் விழுந்தால் மெல்லிய வெள்ளைத் திரை கட்டுங்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மேசையைப் போட்டு, பெரிய வெள்ளை சார்ட் தாளைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேசை மேல் இறக்குங்கள். ஷூவைத் தாளின் வளைவிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னால் வையுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், படத்தில் விழாதபடி, ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் இருண்ட பக்கம் கொஞ்சம் தெளியும்.

அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளி நீலம் கலந்தது, பல்பு ஒளி மஞ்சள் கலந்தது. இரண்டும் சேர்ந்தால் தாளின் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் வேறு நிறமுமாகிவிடும், பிறகு திருத்துவது பெரும்பாடு. கேமரா ட்ரைபாடில் அசையாமல் நிற்க வேண்டும். இது கட்டாயம், காரணம் 5-வது கேள்வியில் வரும். கைபேசி என்றால் அகலக் கோண லென்ஸை விட்டுவிட்டு, தள்ளி நின்று 2x-ல் எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் ஷூவின் மூக்கு வீங்கித் தெரியும்.

3. எக்ஸ்போஷரை இன்னும் ஏத்தி, எடுக்கும்போதே பின்னணியைச் சுத்த வெள்ளையா எரிச்சுட்டா வேலை முடிஞ்சுதே?

பின்னணி வேலை முடியும், மற்றது கெடும். முதலில் போவது நிழல். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் ஒளி எண் உண்டு: 0 என்றால் கறுப்பு, 255 என்றால் சுத்த வெள்ளை. தாளை 255-க்குத் தள்ளும் வெளிச்சம், நிழலின் மெல்லிய ஓரத்தையும் சேர்த்தே 255-க்குத் தள்ளிவிடும். கடைசியில் மிஞ்சுவது அடிப்பாகத்தை ஒட்டிய ஒரு கறுப்புக் கோடு மட்டும்தான். அடுத்தது ஷூவின் விளிம்பு. பின்னாலிருந்து அளவுக்கு மீறி வரும் வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறி ஓரங்களை அரிக்கும். தோலின் தையல் நூல் போன்ற மெல்லிய விவரங்கள் விளிம்பில் வெளிறிப்போகும்.

நான் எப்போதும் தாளை 225 முதல் 240 வரையான அளவில் நிறுத்திக்கொள்வேன். கண்ணுக்கு லேசான சாம்பலாகத்தான் இருக்கும். ஆனால் நிழலின் எல்லாப் படிகளும் பத்திரமாக இருக்கும். சுத்த வெள்ளை என்பது கணினியில் செய்ய வேண்டிய வேலை, கேமராவில் அல்ல.

4. நிழலே எதுக்கு? ஷூவை வெட்டி வெள்ளை மேல ஒட்டினா பளிச்சுன்னுதானே இருக்கு?

தரை எங்கே இருக்கிறது என்று பார்ப்பவருக்குச் சொல்வது நிழல் ஒன்றுதான். வெள்ளைப் பின்னணியில் சுவரும் இல்லை, மேசையும் இல்லை. நிழலும் இல்லையென்றால் ஷூ நிற்கிறதா, தொங்குகிறதா, படுத்திருக்கிறதா என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. குதிகாலின் உயரமும் மூக்கின் எழுச்சியும்கூட நிழல் இருந்தால்தான் சட்டென்று புரியும்.

கண் தேடுவது இரண்டு நிழல்களை. ஒன்று, பொருள் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் இருக்கும் மெல்லிய, கருமையான தொடு நிழல். இன்னொன்று, அதைச் சுற்றிப் பரவி வெளியே போகப் போக மறைந்துவிடும் வெளிர் நிழல். முதலாவது பொருளைத் தரையில் பதிக்கிறது, இரண்டாவது அதற்கு எடை கொடுக்கிறது. ஒன்று இருந்து மற்றது இல்லாத படம் ஏதோ குறைவதாகவே தோன்றும். ஏன் என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

5. நிழலை வெச்சுக்கிட்டே பின்னணியை மட்டும் வெள்ளையாக்க முடியுமா? லெவல்ஸை இழுத்தா ஒரு பக்கம் வெள்ளையாகுது, மறுபக்கம் சாம்பலாவே நிக்குது.

முடியும். அதற்கு ஷூ இல்லாத காலித் தாளையும் ஒரு படம் எடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஜன்னல் பக்கம் தாள் வெளிச்சமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருப்பது இயல்பு. லெவல்ஸ் படம் முழுவதையும் ஒரே மாதிரி ஏற்றுவதால் இந்த ஏற்றத்தாழ்வு அப்படியே தங்கிவிடுகிறது. ஷூ இருக்கும் படத்தை, ஷூ இல்லாத படத்தால் புள்ளிக்குப் புள்ளி வகுத்தால் ஏற்றத்தாழ்வு அடிபட்டுப் போகும். ஜன்னல் பக்கத் தாள் இரண்டு படத்திலும் 236 என்றால் விடை 1, அதாவது 255. தூரத்து மூலை இரண்டிலும் 208 என்றால் அங்கேயும் விடை 1, அதுவும் 255. குதிகால் ஓரத்தில் ஷூ படத்தில் 118, காலித் தாளில் 220 என்றால் விகிதம் சுமார் 0.54, அதாவது ஏறத்தாழ 137. தாளின் குறை மறைந்து, ஷூ மறைத்த வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது. அதுதானே நிழல்!

இரண்டு படமும் ஒரே எக்ஸ்போஷரில், ஒரே இடத்திலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். ஷூவை வைத்து எக்ஸ்போஷரைப் பூட்டி எடுங்கள். பிறகு கேமராவைத் தொடாமல் ஷூவை மட்டும் தூக்கிவிட்டு உடனே அடுத்ததை எடுங்கள். டைமர் வைத்தால் கை அதிர்வு வராது. கைபேசியில் HDR-ஐ அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்திலும் இடத்துக்கு இடம் வெளிச்சத்தைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றும், வகுத்தல் கணக்கு உதைக்கும். Pro முறை இருந்தால் ஐஎஸ்ஓ, ஷட்டர், வெள்ளைச் சமநிலை மூன்றையும் கையாலேயே நிலைநிறுத்துங்கள்.

6. சரி, ரெண்டு படமும் கையில இருக்கு. கிம்ப்ல வரிசையா என்ன செய்யணும்?

ஷூ படத்தைத் திறந்து, காலித் தாள் படத்தை `File > Open as Layers` வழியாக அதன் மேல் கொண்டுவாருங்கள். காலித் தாளுக்கு 5 பிக்சல் அளவில் `Gaussian Blur` கொடுங்கள். தாளின் சொரசொரப்பும் கேமரா இரைச்சலும் வகுத்தலில் பெருகாமல் இருக்கத்தான் இது. பிறகு அந்த லேயரின் `Mode`-ஐ `Divide` ஆக்குங்கள். பின்னணி முழுக்கச் சட்டென்று வெளுத்து, ஷூவும் நிழலும் மட்டும் நிற்பதைப் பார்க்கலாம்.

இப்போது `Layer > New from Visible` கொடுத்தால் இந்த விளைவு தனி லேயராகக் கிடைக்கும். அதற்கு "நிழல்" என்று பெயர் வைத்து, `Colors > Desaturate` மூலம் நிறத்தை எடுத்துவிடுங்கள். பழுப்புத் தோலில் பட்டுத் தெறித்த ஒளி, தாளில் ஒரு செம்மண் சாயலை விட்டிருக்கும். வெள்ளைப் பின்னணியில் அது கறை போலத் தெரியும். அடுத்து `Colors > Levels` திறந்து மேல் வரிசையின் வெள்ளை முக்கோணத்தை 248-க்குக் கொண்டுவாருங்கள். தாளில் 250, 252 என்று திரியும் மிச்சம் மீதி எல்லாம் 255 ஆகிவிடும்.

காலித் தாள் லேயரின் கண் குறியை அணைத்துவிடுங்கள். அசல் ஷூ லேயரை ஒரு நகல் எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றி, ஷூ மட்டும் தெரிந்து மற்றது மறையும்படி அதற்கு மாஸ்க் போடுங்கள்; முறை அடுத்த பதிலில். கீழே சுத்த வெள்ளை நிரப்பிய லேயர், அதன் மேல் `Multiply` முறையில் நிழல் லேயர், அதன் மேல் மாஸ்க் போட்ட ஷூ. இந்த மூன்றுதான் இறுதிப் படம். நிழலைத் தனி லேயராக வைத்திருப்பதால், கூடுதலாகத் தெரிந்தால் அதன் `Opacity`-ஐ 80 அல்லது 70-க்கு இறக்கலாம், ஷூவுக்கு ஒன்றும் ஆகாது. நிறைய பேர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். உண்மையான நிழல், வெள்ளைப் பின்னணிக்குக் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும்.

7. ஷூவை வெட்ட மேஜிக் வாண்ட் போதாதா?

அது நிறத்தைப் பார்த்து வெட்டும். அடிப்பாகத்தின் கருமையும் தொடு நிழலின் கருமையும் ஏறத்தாழ ஒன்றே, அதனால் சரியாக அந்த இடத்தில்தான் ஏமாறும். மேல் விளிம்பில் அழகாக வெட்டிவிட்டு, கீழே நிழலில் ஒரு துண்டைச் சேர்த்துக் கொண்டுவரும்.

`Paths` கருவியை எடுத்து, படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, விளிம்புக்கு ஒரு பிக்சல் உள்ளே புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். வளைவு மாறும் இடங்களில் மட்டும் புள்ளி போதும். நெருக்கி நெருக்கி வைத்தால் விளிம்பு நடுங்கும். சுற்றி வந்து மூடியதும் Enter தட்டினால் பாத் செலக்‌ஷனாக மாறும். `Select > Feather` 1 பிக்சல் கொடுத்து, `Layer > Mask > Add Layer Mask`-ல் `Selection` என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மறக்காதீர்கள். அது ஷூ அல்ல, தரை. அதை மாஸ்க்குக்கு வெளியே விட்டால்தான் அங்கே நிழல் லேயர் தெரியும். நாடாவின் வளையத்துக்குள் தெரியும் தாளும் அப்படியே.

8. வெட்டின ஓரத்துல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடோ கறுப்புக் கோடோ வருது. எப்படிப் போக்குறது?

6-வது பதிலில் சொன்னபடி செய்திருந்தால் பெரும்பாலும் வராது. நிழல் லேயரில் ஷூவும் சாம்பலாகக் கீழே இருக்கிறது. மாஸ்க்கின் ஓரம் கரையும் இடத்தில் அடியிலிருந்து தெரிவது அதே ஷூவின் சொந்த விளிம்புதான், வெள்ளை அல்ல. இதனாலேயே அந்த லேயரை ப்ளர் செய்யக் கூடாது. செய்தால் ஷூவின் கருமை வெளியே கசிந்து சுற்றிலும் புகைக் கோடு போட்டுவிடும்.

ஷூவை மட்டும் வெட்டி வேறு பின்னணியில் வைத்திருந்தால் கோடு வரும். மாஸ்க்கைச் சொடுக்கிவிட்டு `Colors > Levels`-ல் கறுப்பு முக்கோணத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்துங்கள். மாஸ்க்கின் மென்மையான ஓரம் உள்ளே சுருங்கும், கோடும் போகும். அரைப் பிக்சல், ஒரு பிக்சல் சுருங்கினால் போதும்.

9. என்கிட்ட இருக்கறது பழைய படம். தாளும் அழுக்கு, நிழலும் அசிங்கம், காலித் தாள் படமும் இல்லை. நிழலை நானே வரையலாமா?

வரையலாம், ஆனால் இரண்டு நிழலையும் தனித்தனி லேயரில் வரையுங்கள். ஷூவை வெட்டி வெள்ளை லேயர் மேல் வைத்துவிட்டு, இடையில் இரண்டு புது லேயர், இரண்டும் `Multiply`.

முதல் லேயர் தொடு நிழல். `Free Select` கருவியால் குதிகாலின் அடி விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய பட்டை, முன்பாதம் தரையைத் தொடும் இடத்தில் இன்னொன்று. பட்டையின் பாதி ஷூவுக்கு அடியிலும் பாதி வெளியிலும் இருக்கட்டும். கறுப்பு நிரப்பி, `Select > None` கொடுத்துவிட்டு, 5 பிக்சல் ப்ளர், `Opacity` 60. மூக்கு எழும் இடத்துக்கு முன்பே பட்டையைக் கரைத்துவிடுங்கள், அங்கே ஷூ தரையைத் தொடவில்லை. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி வேறு வகை: வெளிச்சம் உள்ளே புக வழி குறைவு, அதனால் இருட்டாக இருக்கும், ஆனால் கூர்மையான ஓரம் இருக்காது. 12 பிக்சல் அளவு மென்மையான ப்ரஷ்ஷால் லேசாக இரண்டு தடவை தடவினால் சரியாக வரும்.

இரண்டாவது லேயர் பரவல் நிழல். ஷூவின் அடி வடிவத்தில், அதைவிடக் கொஞ்சம் அகலமாக ஒரு தட்டையான நீள்வட்டம், கறுப்பு, ப்ளர் 40, `Opacity` 20 முதல் 25. ஷூவின் மேல் தோலில் எந்தப் பக்கம் பளபளப்பு விழுந்திருக்கிறது என்று பாருங்கள், வெளிச்சம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. நீள்வட்டத்தை அதற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். பளபளப்பு இடப்பக்கம் இருக்க நிழலும் இடப்பக்கம் நீண்டால், எவ்வளவு நன்றாக வரைந்தாலும் பொய் என்று தெரிந்துவிடும்.

10. 5, 40-னு சொல்றீங்களே, அது எங்கிருந்து வருது? என் பொருளுக்கு எவ்வளவுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

நிழலின் ஓரம் எவ்வளவு அகலத்துக்குக் கரைகிறது என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: ஒளி மூலத்தின் அகலம், அது இருக்கும் தூரம், நிழல் போடும் விளிம்பு தரையிலிருந்து இருக்கும் உயரம். சின்னக் கணக்குதான்:

```
கரையும் அகலம் = ஒளியின் அகலம் × விளிம்பின் உயரம் ÷ ஒளியின் தூரம்
```

ஜன்னல் 100 செ.மீ அகலம், 200 செ.மீ தூரம் என்று வைப்போம். ஷூ அடித்தட்டின் விளிம்பு தரையிலிருந்து அரை செ.மீ உயரம் என்றால் நிழல் ஓரம் கால் செ.மீ அகலத்துக்குக் கரையும். ஷூவின் வாய் 10 செ.மீ உயரம் என்றால் 5 செ.மீ அகலத்துக்குக் கரையும். ஒரே ஷூவின் நிழல் ஓரிடத்தில் கூர்மையாகவும் இன்னோரிடத்தில் மங்கலாகவும் இருப்பது இதனால்தான். எல்லா இடத்திலும் ஒரே ப்ளர் போட்ட நிழல் போலியாகத் தோன்றுவதும் இதனால்தான்.

இனி பிக்சலுக்கு மாற்றுவோம். படம் 2000 பிக்சல் அகலம், 30 செ.மீ ஷூ அதில் 1700 பிக்சலை அடைத்திருந்தால் ஒரு செ.மீட்டருக்குச் சுமார் 57 பிக்சல். கால் செ.மீ என்பது 14 பிக்சல், 5 செ.மீ என்பது 285 பிக்சல். `Gaussian Blur`-ல் கொடுக்கும் எண், கரையும் அகலத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு. ஆக, தொடு நிழலுக்கு 5, வாய் விளிம்பின் நிழலுக்கு 95. பரவல் நிழல் என்பது பல உயரங்களின் கலவை, அதனால் நடுவில் 40 வைத்துத் தொடங்கச் சொன்னேன். சின்ன மோதிரமோ பெரிய பையோ, படத்தில் ஒரு செ.மீட்டருக்கு எத்தனை பிக்சல் என்பது மாறும். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக்கொண்டால் போதும்.

11. ட்ராப் ஷேடோன்னு ஒரு ஃபில்டரே இருக்கே, அதைப் போட்டேன். ஷூ காத்துல மிதக்குது.

அந்த ஃபில்டர் பொருளின் முழு உருவத்தையும் நகலெடுத்து, நகர்த்தி, பின்னால் வைக்கிறது. சுவருக்கு முன்னால் தொங்கும் பொருளுக்கு அது சரி. ஷூ நிற்பது தரையில். தரை நிழல் அடிப்பாகத்திலிருந்து தொடங்கி, படுத்த வாக்கில் போக வேண்டும். நாடாவுக்கும் வாய்க்கும் பின்னால் வெறும் வெளியில் நிழல் விழக் கூடாது.

கையால் வரைந்த நிழலிலும் மிதப்பு வரலாம். 300 சதவீதம் பெரிதாக்கி, குதிகாலின் அடி விளிம்பையும் நிழலின் கருமையான பகுதியையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று பிக்சல் வெளிறிய கோடு தெரிந்தால் அதுதான் காரணம். தொடு நிழலை மேலே, ஷூவுக்கு அடியில் நகர்த்துங்கள், உடனே உட்கார்ந்துவிடும்.

12. விக்கிற பொருளே வெள்ளை. வெள்ளைப் பீங்கான் கோப்பை. விளிம்பே தெரியலை, என்ன செய்ய?

படம் எடுக்கும்போதே விளிம்புக்கு ஒரு கோடு கொடுக்க வேண்டும், பிறகு வரைந்து சேர்த்தால் ஒட்டாது. இரண்டு கறுப்புச் சார்ட் அட்டைகளைக் கோப்பையின் இடமும் வலமும், படத்துக்குச் சற்று வெளியே செங்குத்தாக நிறுத்துங்கள். வளைந்த பக்கங்கள் அந்தக் கறுப்பைப் பிரதிபலித்து, ஓரத்தில் மட்டும் மெல்லிய சாம்பல் கோடு விழும். அட்டையை நெருக்கினால் கோடு தடிக்கும். அந்தக் கோடு 200 முதல் 220-க்குள் இருந்தால் கோப்பை வெள்ளையாகவும் இருக்கும், வெள்ளைப் பின்னணியிலிருந்து பிரிந்தும் நிற்கும்.

காலித் தாள் படம் எடுக்கும்போது கோப்பையை மட்டும் அகற்றுங்கள், கறுப்பு அட்டைகள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். அவை தாளையும் கொஞ்சம் இருட்டாக்கியிருக்கும், வகுத்தலில் அது சரியாகிவிடும்.

13. கண்ணாடிப் பொருளுக்கும் இதே வழியா?

பாதி வழிதான். வகுத்தல் பின்னணியைச் சுத்தம் செய்யும். ஆனால் கண்ணாடியை மாஸ்க் போட்டு வெட்டாதீர்கள், ஊடே தெரியும் பின்னணியும் சேர்ந்துதான் அதன் தோற்றம். கண்ணாடி தன் அடியில் நிழலோடு ஒளித் திட்டுகளையும் விழவைக்கும், அவற்றைக் கையால் வரைய முயல வேண்டாம்.

14. என் திரையில பளிச்சுன்னு வெள்ளை. கடைப் பக்கத்துல ஏத்தினா படத்தைச் சுத்தி லேசா ஒரு கட்டம் தெரியுது, சில இடத்துல பின்னணி வெள்ளை இல்லைன்னு திருப்பி அனுப்பறாங்க.

கண்ணை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். 252-க்கும் 255-க்கும் உள்ள வித்தியாசம் தனியாகப் பார்த்தால் தெரியாது. பக்கத்தின் வெள்ளைக்கு அருகில் வைத்தால் கட்டமாகத் தெரிந்துவிடும். அமேசான், முதன்மைப் படத்தின் பின்னணி 255, 255, 255 என்ற சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும் என்றே விதி வைத்திருக்கிறது.

சோதிக்க `Layer > New from Visible` கொடுத்து, கிடைக்கும் லேயரில் `Colors > Threshold` திறந்து கீழ் எல்லையை 255-க்குத் தள்ளுங்கள். சுத்த வெள்ளை மட்டும் வெள்ளையாக நிற்கும், மற்றதெல்லாம் கறுப்பாகும். ஷூவும் அதன் அடியில் நிழலும் ஒரு கறுப்புத் தீவு போலத் தெரிய வேண்டும். மூலைகளில் கறுப்புத் தூவல் இருந்தால் தாள் இன்னும் சுத்தமாகவில்லை. தீவின் ஒரு கரை படத்தின் விளிம்பைத் தொட்டால், நிழல் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது என்று அர்த்தம், கட்டம் தெரிவதற்கு இதுவே முக்கியக் காரணம். வெள்ளை நிறத்தில் பெரிய மென்மையான ப்ரஷ் எடுத்து நிழல் லேயரின் ஓரத்தைக் கரைத்துவிடுங்கள். சோதனை முடிந்ததும் `Cancel` கொடுக்க வேண்டும், `OK` அல்ல. பிறகு அந்தச் சோதனை லேயரை நீக்கிவிடுங்கள்.

ஒரு நுணுக்கம்: இந்தச் சோதனை வழக்கமாக மூன்று நிறங்களில் அதிகமானதை வைத்துத்தான் பார்க்கும். 255, 253, 248 என்ற மஞ்சள் சாயலும் தேறிவிடும். சோதனையை நீலச் சேனலிலும் ஒருமுறை ஓட்டுங்கள். ஜேபெக்காகச் சேமித்த பிறகு ஷூவின் விளிம்பை ஒட்டி 253, 254 என்று சில புள்ளிகள் தெரிந்தால் கவலை வேண்டாம். அது ஜேபெக் சுருக்கத்தின் இயல்பு, பின்னணி பரப்பில் இல்லாதவரை பாதகமில்லை.

15. நிழலோட படத்தை எல்லாத் தளமும் ஏத்துக்குமா?

தளத்துக்குத் தளம், சில சமயம் பொருளின் வகைக்கு வகை, விதி மாறும். அதனால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பில் மூன்று லேயரையும் அப்படியே சேமித்து வையுங்கள். நிழல் வேண்டாம் என்று சொல்லும் தளத்துக்கு அந்த லேயரின் கண் குறியை அணைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் சொந்தக் கடைப் பக்கம் என்றால் நிழலை விடாதீர்கள்.

16. கடைசியா எந்த அளவுல, எந்த வடிவத்துல சேமிக்கணும்?

2000-க்கு 2000 பிக்சல் சதுரம், ஜேபெக், தரம் 90. பொருள் படத்தில் 85 சதவீதத்தை அடைத்திருக்கட்டும், அமேசான் கேட்பதும் இதுதான். நிழலுக்குக் கீழே இடம் வேண்டும் என்பதால் ஷூவை நடுவிலிருந்து ஒரு நூல் மேலே வைப்பேன். `Image > Color Management > Convert to Color Profile` போய் sRGB-க்கு மாற்றுவதை மறக்காதீர்கள். வேறு நிறச் சுயவிவரத்தில் இருந்தால் பழுப்புத் தோல் சிலர் திரையில் வெளிறித் தெரியும், வாங்கினவர் நிறம் வேறு என்று திருப்பி அனுப்புவார்.

17. நாற்பது ஜோடி ஷூ இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் காலித் தாள் எடுக்கணுமா?

கேமராவும் தாளும் வெளிச்சமும் மாறாதவரை ஒரே காலித் தாள் படம் போதும். விளக்கு வைத்து எடுத்தால் நாள் முழுக்க அதையே பயன்படுத்தலாம். ஜன்னல் வெளிச்சம் அப்படியில்லை, ஒரு மேகம் கடந்தாலே அளவு மாறிவிடும். ஐந்தாறு ஷூவுக்கு ஒருமுறை புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். மேகம் வந்து போகும் நாளென்றால் ஒவ்வொன்றுக்கும் எடுங்கள், சில நொடி வேலைதான்.

பொருந்தாத காலித் தாளைப் போட்டுவிட்டால் அடையாளம் எளிது. `Divide` கொடுத்ததும் பின்னணி ஒரே சீராக 240 போல நின்றால் வெளிச்சம் மட்டும் குறைந்திருக்கிறது, லெவல்ஸில் ஏற்றிவிடலாம். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல் என்று நின்றால் வெளிச்சம் வரும் திசையே மாறியிருக்கிறது, மறுபடி எடுப்பதுதான் வழி. தாளின் ஓரத்திலோ மடிப்பிலோ இரட்டைக் கோடு தெரிந்தால் கேமரா நகர்ந்திருக்கிறது. அப்போது காலித் தாள் லேயரை `Move` கருவியால் ஓரிரு பிக்சல் நகர்த்திப் பார்த்தால் கோடு மறையும்.